பாத்திப் படத்தில் யார் யார்?
பீட்ரூட், டர்னிப், முள்ளங்கி, கேரட் இளஞ்செடிகளை இனம் காணும் வகை

தில்லியில் ஐப்பசி பிறந்துவிட்டால் கையகல மண் உள்ள நம்மவர் வீடுகளிலெல்லாம் பாத்தி கிளம்பிவிடும். ஊரிலிருந்து வந்த புதிதில் முள்ளங்கியோடு நிறுத்திக்கொள்வார்கள். நாலைந்து குளிர்காலம் போனதும் கேரட், பீட்ரூட் சேரும். இன்னும் சில வருஷத்தில், பஞ்சாபி அண்டைவீட்டாரின் சகவாசத்தில், சல்ஜம் என்கிற டர்னிப்பும் வந்து சேர்ந்துவிடும். நான்கையும் ஒரே நாளில், ஒரே பாத்தியில், வரிசைக்கு ஒன்றாக விதைப்பதுதான் வழக்கம். எந்த வரிசையில் எது என்று ஐஸ்கிரீம் குச்சியில் மையால் எழுதி நட்டு வைப்பார்கள். மூன்று தடவை தண்ணீர் ஊற்றினால் மை போய்விடும். மிச்சமிருக்கும் குச்சியை அணிலோ பேரப்பிள்ளையோ பிடுங்கிவிடும்.

அதற்குள் செடி கலைக்கும் பருவம் வந்துவிடுகிறது. நெருக்கமாக முளைத்ததை எடுத்து இடம் விட வேண்டும், களையையும் பிடுங்க வேண்டும். எது பயிர், எது களை, எந்த வரிசைக்கு எத்தனை அங்குல இடம் என்று தெரியாமல் கை வைக்க முடியாது. உடனே கைப்பேசியில் ஒரு படம் எடுத்து, தெரிந்தவர்களுக்கு அனுப்புகிறார்கள். பழைய தில்லியில் தானியமும் விதையும் விற்று வருகிறவன் என்பதால் எனக்கு இப்படி வரும் படங்கள் ஏராளம். (எங்கள் வீட்டு அடுப்பில் மண்ணுக்குள் விளைவது எதுவும் ஏறுவதில்லை. ஆனாலும் விதையைத் தெரியாமல் விதைக் கடை நடத்த முடியாதல்லவா?)

படத்தைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் முதலில் நிறத்தைப் பார்க்கிறார்கள். தண்டு சிவப்பாக இருந்தால் பீட்ரூட், வெளுப்பாக இருந்தால் முள்ளங்கி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இது தலைகீழ் வழி. இலையின் வடிவம்தான் குடும்பத்தைச் சொல்லும். அந்தக் குடும்பத்துக்குள் இவர் யார் என்பதற்குத்தான் தண்டின் நிறம் சாட்சி. அதுவும் சில இடங்களில் நல்ல சாட்சி, சில இடங்களில் அரைச் சாட்சி. இந்த வரிசையை மாற்றினால் குழப்பம்தான்.

வடிவம் என்றால் எந்த இலையின் வடிவம்? முளைத்து வரும்போது முதலில் விரிவது விதைக்குள்ளேயே மடங்கிக் கிடந்த இரண்டு இலைகள். பள்ளிப் புத்தகத்தில் இவற்றை விதையிலை என்பார்கள். இவற்றுக்கு நடுவிலிருந்து பிறகு வருவதுதான் செடியின் சொந்த இலை. ஒரு வாரத்தில் விதையிலை மட்டும் இருக்கும்; இரண்டு மூன்று வாரத்தில் இரண்டும் சேர்ந்து இருக்கும்; அதற்கப்புறம் விதையிலை பழுத்து உதிர்ந்துவிடும். ஆகையால் விதைத்த பத்தாம் நாளிலிருந்து இருபத்தைந்தாம் நாள் வரை எடுத்த படம்தான் நன்றாகப் பேசும். கேரட்டுக்கு மட்டும் இன்னும் ஒரு வாரம் கூட்டிக்கொள்ளலாம், அது தாமதக்காரன்.

இந்த நான்கில் கேரட்டைத் தனியே பிரிப்பது சுலபம், ஆனால் அதைத்தான் அதிகம் பேர் கொன்றுவிடுகிறார்கள். அதன் விதையிலை இரண்டும் நூல் மாதிரி ஒல்லியாக, இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளத்துக்கு நீண்டிருக்கும். பார்த்தால் புல் என்றே தோன்றும். முள்ளங்கி மூன்று நான்கு நாளில் முளைத்துவிடும். கேரட்டோ ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை எடுத்துக்கொள்ளும். மற்ற வரிசைகள் தழைத்து நிற்கும்போது இந்த வரிசையில் மட்டும் பத்துப் பன்னிரண்டு பச்சை நூல்கள் தெரியும். "கேரட் முளைக்கலே, புல்தான் முளைச்சிருக்கு" என்று சுரண்டி எடுத்துவிடுவார்கள். படத்தைப் பெரிதாக்கி, மண்ணுக்கு மேலே தண்டைப் பாருங்கள். புல்லுக்கு முதலில் வருவது ஒற்றை இலை. அடுத்த இலை அந்த முதல் இலையின் உறைக்குள்ளிருந்து கிளம்பும். கேரட்டுக்கு ஒரே கணுவிலிருந்து இடமும் வலமுமாக இரண்டு இலை, கவைக் குச்சி மாதிரி. அந்தக் கவையின் நடுவில் கொத்தமல்லி இலையைச் சிறிதாக்கினாற்போல் வெட்டுப்பட்ட ஓர் இலை தலைகாட்டினால் சந்தேகமே வேண்டாம். கேரட்டுக்குத் தண்டின் நிறத்தைக் கேட்கவே வேண்டாம். பச்சையாகவும் இருக்கும், அடியில் லேசாகக் கருஞ்சிவப்பு ஓடியும் இருக்கும். இரண்டாலும் ஒன்றும் தீர்மானமாகாது.

பீட்ரூட்டின் விதையிலை நீண்ட வட்டம். நுனி மழுங்கலாக, ஓரம் வெட்டில்லாமல், வழுவழுவென்று இருக்கும். சொந்த இலையும் அப்படியே மழமழப்பாக, முடி இல்லாமல், நடு நரம்பு சிவந்து வரும். விதையிலையைத் தாங்கும் தண்டு செக்கச் செவேலென்று, சில சமயம் ஊதா கலந்த சிவப்பாக இருக்கும். இன்னொரு அடையாளம் உண்டு, படத்தில் தூரத்திலிருந்தே தெரியும். நாம் பீட்ரூட் விதை என்று வாங்குவது உண்மையில் ஒரு விதை இல்லை. பல பூக்களின் காய்கள் ஒட்டிக்கொண்ட ஒரு முடிச்சு. அதற்குள் இரண்டு மூன்று விதைகள் இருக்கும். அதனால் ஒரே புள்ளியிலிருந்து இரண்டு மூன்று நாற்றுகள் ஒட்டி ஒட்டி எழும். ஒரு வரிசை முழுக்க இப்படிச் சின்னச் சின்னக் கும்பலாக நின்றால், இலை சரியாகத் தெரியாவிட்டாலும் பீட்ரூட் என்று ஊகித்துவிடலாம்.

இங்கேதான் தில்லிக்கென்று ஒரு சிக்கல். நாம் பாலக் என்று வாங்கும் கீரை, பீட்ரூட்டின் உடன்பிறப்பு. தாவர நூலார் இரண்டையும் பீட்டா வல்காரிஸ் என்ற ஒரே இனத்தில்தான் வைக்கிறார்கள். பாலக் விதையும் அதே முடிச்சு, விதையிலையும் அதே நீள்வட்டம், நாற்றும் அதே கும்பல். போன வருஷம் பாலக் பூத்து விதை உதிர்ந்த பாத்தியில் இந்த வருஷம் பீட்ரூட் போட்டால் இரண்டும் கலந்து நிற்கும். வடிவத்தால் பிரிக்கவே முடியாது. இந்த இடத்தில் தண்டின் நிறம் நல்ல சாட்சி. பீட்ரூட் சிவப்பு, பாலக் பச்சை, அடியில் மட்டும் சிலவற்றில் லேசான இளஞ்சிவப்பு. மஞ்சள் பீட்ரூட் விதை வாங்கியவர்களுக்கு மட்டும் இந்த விதி பொருந்தாது. அதன் தண்டு மஞ்சளும் ஆரஞ்சுமாக இருக்கும்.

பீட்ரூட்டுக்கு மற்றொரு போலி, பதுவா. நம் ஊரில் சக்கரவர்த்திக் கீரை என்போமே, அதேதான். குளிர்காலத்தில் இங்கே கேட்காமலே முளைக்கும். அதன் விதையிலையும் நீளம்தான், தண்டும் சிவக்கும். ஆனால் அது பீட்ரூட்டில் பாதி அளவுகூட இராது. சொந்த இலை வரும்போது குருத்தின்மேல் மாவு தூவினது போல் வெள்ளைப் பொடி படிந்திருக்கும். பீட்ரூட்டில் அந்த மாவு கிடையாது. பதுவாவைப் பிடுங்கினாலும் நஷ்டமில்லை, பருப்பில் போடலாம்.

இனி முள்ளங்கியும் டர்னிப்பும். உண்மையில் கஷ்டமான ஜோடி இதுதான். இரண்டும் கடுகுக் குடும்பம். இரண்டுக்கும் விதையிலை நுனியில் பிளவுபட்டு, இதய வடிவத்தில் இருக்கும். ஒன்று பெரிது, ஒன்று சற்றுச் சிறிது. விதைக்குள் ஒன்றை ஒன்று போர்த்தி மடங்கிக் கிடப்பதால் வெளியிலிருப்பது பெரிதாக வளர்கிறது. ஆகவே இதய வடிவத்தைப் பார்த்ததும் "கடுகுக் குடும்பம்" என்று மட்டும் குறித்துக்கொண்டு நிறுத்திவிட வேண்டும்.

அடுத்துப் பார்க்க வேண்டியது அளவு. ஒரு முள்ளங்கி விதையின் எடைக்கு டர்னிப் விதை மூன்று நான்கு போட வேண்டும். பெரிய விதைக்குப் பெரிய விதையிலை, தடித்த தண்டு. ஒரே நாளில் விதைத்த இரண்டு வரிசை பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும். தனியாக ஒன்றை மட்டும் படம் எடுத்தால் தெரியாது. அதற்காகத்தான் படம் எடுக்கும்போது பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வையுங்கள் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். நாணயத்தின் குறுக்களவு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர். நன்றாக விரிந்த முள்ளங்கி விதையிலை அந்த அகலத்தை எட்டிப் பிடிக்கப் பார்க்கும். டர்னிப்புடையது பாதியைத் தாண்டினால் அதிகம்.

அதன்பின் சொந்த இலை. முதல் இலையே முள்ளங்கியில் நீளவாக்கில் வரும். காம்பை ஒட்டின பகுதியில் துண்டு துண்டாக வெட்டுப்படத் தொடங்கியிருக்கும். டர்னிப்பின் முதல் இலை உருண்டை சாய்ந்த வடிவம், ஓரத்தில் சின்னப் பற்கள், இளம்பச்சை. இரண்டிலும் சொரசொர முடி உண்டு, ஆகவே முடியை நம்பக் கூடாது. மூன்றாவது நான்காவது இலை வந்துவிட்டால் டர்னிப்பிலும் அடிப்பாகம் வெட்டுப்பட ஆரம்பித்துவிடும். அப்போது வெட்டுகளை எண்ண வேண்டும். நம் நீள வெள்ளை முள்ளங்கி வகைகளில் காம்பின் இருபுறமும் பல ஜோடித் துண்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். டர்னிப்பில் ஓரிரண்டு ஜோடியோடு நின்று, நுனித் துண்டு பெரிதாகப் பரவியிருக்கும்.

தண்டின் நிறம் இங்கே அரைச் சாட்சி என்றேன். உருண்டைச் சிவப்பு முள்ளங்கியின் தண்டு நல்ல சிவப்பு. இதை பீட்ரூட் என்று எண்ணி ஏமாந்தவர்கள் நிறைய. இதய வடிவ இலையைப் பார்த்திருந்தால் ஏமாந்திருக்க மாட்டார்கள். ஆனால் இங்கே அதிகம் விதைக்கும் பூசா சேத்கி, ஜப்பானிய வெள்ளை போன்றவற்றின் தண்டு வெளிர்பச்சை. தலைப்பக்கம் ஊதாவாக விளையும் டர்னிப்பின் தண்டும் இந்தப் பருவத்தில் பச்சையாகவோ, இலேசாக ஊதா ஓடியோ இருக்கும். சிவப்பாக இருந்தால் சிவப்பு முள்ளங்கி என்று சொல்லலாம். வெளுப்பாக இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது.

இந்த இடத்தில் பெயர்க் குழப்பம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நம்மவர் சிலர் டர்னிப்பை நூல்கோல் என்கிறார்கள். நூல்கோல் வேறு, அது மண்ணுக்கு மேலே தண்டு பருக்கும் கோஸ் இனம். அந்தப் பெயரே டச்சுக்காரர்களின் சொல் நம் வாயில் தமிழாகிப் போனது. நாற்றிலும் தெரியும். நூல்கோல் இலை முடியின்றி, மெழுகு பூசினது போல நீலம் கலந்த பச்சையாக இருக்கும்.

படத்தில் நிறம் பொய் சொல்வதற்குக் காரணங்கள் பல. சாயங்கால வெயிலில் எடுத்தால் எல்லாத் தண்டும் சிவக்கும். கைப்பேசி தானாகவே நிறத்தைத் தூக்கிக் காட்டும். கடுங்குளிரில், மணிச்சத்துக் குறைவில், இலைக்கு அடியில் ஊதா படரும். அது ஜாதி நிறம் இல்லை, செடியின் கஷ்டம். அதனால் காலை வேளையில் நிழலில் எடுக்க வேண்டும். மேலேயிருந்து ஒன்று, தரையோடு தரையாகக் கைப்பேசியைச் சாய்த்துத் தண்டு தெரியும்படி ஒன்று என்று இரண்டு படம் அவசியம். தண்டுக்குப் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தால் நிறத்தை அதோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். தாளே மஞ்சளாகத் தெரிந்தால் அந்தப் படத்தின் சிவப்பையும் நம்பாதீர்கள். மேலேயிருந்து மட்டும் எடுத்த படத்தில் தண்டை இலை மறைத்துவிடும். வரும் படங்களில் பாதி இப்படித்தான் வருகிறது.

மயூர் விஹாரில் தரைத்தளத்தில் இருக்கும் ஓர் அம்மையாரின் பாத்தியை எடுத்துக்கொள்வோம். நாலடிக்கு மூன்றடி. நவம்பர் 5-ஆம் தேதி நான்கும் விதைத்தார். 23-ஆம் தேதி, அதாவது பதினெட்டாம் நாள், படம் அனுப்பினார். குச்சிகள் காணோம். விதைத்தது எவை என்று நினைவிருந்தது, வரிசை நினைவில்லை.

"சார், ரெண்டு வரிசை முள்ளங்கி மாதிரியே இருக்கு. ஒரு வரிசை பீட்ரூட். கடைசி வெறும் புல்தான். புல்லைப் பிடுங்கிட்டு வெந்தயம் போட்டுடலாமா?"

"அம்மா, இன்னிக்கு எதையும் தொடாதீங்க. நாளைக்குக் காலையில வெயில் வர்றதுக்கு முந்தி, தரையோட ஒரு படம் எடுங்க. ஒரு ரூபாய் வெச்சு எடுங்க" என்றேன்.

மறுநாள் படத்தில் முதல் வரிசையில் இதய இலை நாணயத்தளவுக்குச் சற்றே குறைவு, தண்டு தடிப்பு, வெளிர்பச்சை, நடுவில் நீளமான சொந்த இலை இரண்டு, அடிப்பகுதி வெட்டுப்பட்டது. வெள்ளை முள்ளங்கி. சில தண்டுகளில் தோல் நெடுக்கே கீறி உரிந்தாற்போல் இருந்தது. "நோயா?" என்று கேட்டார். நோயில்லை. உள்ளே கிழங்கு பருக்கத் தொடங்கும்போது வெளித்தோல் இடம் போதாமல் வெடிக்கும். முள்ளங்கியில் இது டர்னிப்புக்கு முந்தியே தெரியும். எனவே அதுவும் ஒரு சாட்சி ஆயிற்று. இரண்டாம் வரிசையில் அதே இதயம், ஆனால் பாதி அளவு. உருண்டை இலை, இளம்பச்சை. டர்னிப்.

மூன்றாம் வரிசையில் நீள்வட்ட இலை, இரண்டும் மூன்றுமாகக் கும்பல். பீட்ரூட்தான். ஆனால் கும்பல்களில் மூன்றின் தண்டு மட்டும் சுத்தப் பச்சை. "போன வருஷம் இங்கே பாலக் போட்டீங்களா?" என்று கேட்டேன். போட்டிருந்தார், பூக்கவும் விட்டிருந்தார். பச்சைத் தண்டுகளைக் கிள்ளிக் கீரைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

புல் என்று அவர் சொன்ன நான்காம் வரிசையைப் பெரிதாக்கிப் பார்த்தபோது இருபதுக்கும் மேற்பட்ட கவைகள் இருந்தன. ஏழெட்டில் வெட்டுப்பட்ட இலை தலைகாட்டியிருந்தது. ஒற்றை இலையாக உறையோடு நின்ற நிஜப் புல் ஐந்தாறுதான். மாவு பூத்த பதுவா மூன்று. இன்னும் இரண்டு செடி, கேரட்டைப் போலவே ஒல்லி விதையிலையும் வெட்டு இலையுமாக, ஆனால் சாம்பல் பூசின நீலப்பச்சையாக நின்றன. கோதுமை வயல்களில் களையாக வரும் பித்தபாப்படா அது. இதைப் படத்தில் பிரிக்க அந்தச் சாம்பல் நீலம்தான் வழி. நேரில் என்றால் ஓர் இலையைக் கசக்கினால் கேரட் கேரட் வாசனை அடித்துவிடும்.

இதெல்லாம் தெரிந்த பிறகுதான் கலைக்கும் வேலை. முள்ளங்கி, டர்னிப், பீட்ரூட் மூன்றுக்கும் நாலங்குலத்துக்கு ஒன்று, கேரட்டுக்கு இரண்டங்குலத்துக்கு ஒன்று என்று விடச் சொன்னேன். பிடுங்காமல் கத்தரிக்கோலால் தரை மட்டத்தில் வெட்டினால் பக்கத்துச் செடியின் வேர் அசையாது. பீட்ரூட்டில் மட்டும், கும்பலிலிருந்து பிரித்தெடுத்த நாற்றைக் காலி இடத்தில் நடலாம், பிழைத்துவிடும். கேரட்டையும் முள்ளங்கியையும் பெயர்த்து நட்டால் ஆணிவேர் முறிந்து இரண்டு மூன்று காலாகக் கவை விடும். அதனால்தான் கேரட் வரிசையைப் புல் என்று சுரண்டிவிட்டால் அந்தக் குளிர்காலத்துக்குப் பரிகாரம் கிடையாது. டிசம்பர் குளிரில் மறுபடி விதைத்தால் முளைப்பது இன்னும் தாமதமாகும்.

எல்லாம் தீர்ந்தும் இரண்டு செடி பாக்கி இருந்தது. முதல் வரிசைக்கும் இரண்டாம் வரிசைக்கும் நடுவே, வரிசை தப்பி, சின்ன இதய இலையோடு நின்றன. டர்னிப் விதை தெறித்து விழுந்ததா, எருவோடு வந்த சர்சோங் கடுகா என்று கேட்டார். படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது என்றேன். எண்ணெய்க்குப் போடும் மஞ்சள் சர்சோங் கடுகும் டர்னிப்பும் பிராசிகா ரேப்பா என்ற ஒரே இனம். இலை ஒன்று, முடி ஒன்று, தண்டு ஒன்று. என் கடையிலேயே விதையைக் கலந்து வைத்தால் முளையைப் பார்த்துப் பிரிக்க எனக்குத் தெரியாது. இரண்டையும் விட்டு வைக்கச் சொன்னேன்.

டிசம்பர் நடுவில் இன்னொரு படம் வந்தது. ஒன்று தரையோடு இலை பரப்பி உட்கார்ந்திருந்தது. கழுத்தில் ஊதா நிறம் ஏறி, மண்ணை நெம்பிக்கொண்டு பருத்திருந்தது. மற்றது நடுத்தண்டு விட்டு ஒரு முழ உயரம் போயிருந்தது, நுனியில் மொட்டு.